ஆன் செய்ததும் ‘Fan Error’, ‘Checksum Error’ என்று நிற்கிறதா? முதலில் தேதியைப் பாருங்கள்

காலையில் கணினியை ஆன் செய்கிறீர்கள், விண்டோஸ் வருவதற்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று:

```
CPU Fan Error! Press F1 to Run SETUP
CMOS Checksum Error - Defaults Loaded
```

முதல் வரியைப் பார்த்தவர்கள் புதுக் காற்றாடி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள், இரண்டாவது வரியைப் பார்த்தவர்கள் போர்டு போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தெரிந்தவர்களின் கடை, வீடு, டியூஷன் சென்டர் என்று இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில் நான் சொல்லக்கூடியது, இந்த இரண்டு வரிகளுக்கும் பின்னால் பல நேரம் ஒரே காரணம்தான் இருக்கும்: மதர்போர்டில் 20 சென் காசு அகலத்தில் உட்கார்ந்திருக்கும் CR2032 பேட்டரி. காற்றாடிப் பிழைக்குக்கூட அதுவா என்றால், ஆமாம், சில நேரம் அதுதான். எப்படி என்பது கீழே வருகிறது.

## எதையும் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை

இரவு முழுக்க சுவரில் சுவிட்சை அணைத்து வையுங்கள். மறுநாள் ஆன் செய்ததும் F1 அல்லது Del அல்லது F2 தட்டி (எந்த விசை என்று திரையிலேயே போட்டிருக்கும்) விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

இதை விண்டோஸுக்குள் போய்ப் பார்க்கக் கூடாது. இணையம் கிடைத்ததும் விண்டோஸ் தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பயாஸில் பார்த்தால்தான் இரவில் கடிகாரம் ஓடியதா நின்றதா என்று தெரியும்.

தேதி பல வருடம் பின்னால் போய் ஏதோ ஒரு ஜனவரி 1-இல் நின்றால் பேட்டரிப் பக்கம் போங்கள். சில மணி நேரம் மட்டும் பின்தங்கியிருந்தாலும் அதே பக்கம்தான், பேட்டரி இன்னும் முழுதாகச் சாகவில்லை, அவ்வளவே. தேதி, நேரம் இரண்டும் அச்சாகச் சரியாக இருந்து காற்றாடி எச்சரிக்கை மட்டும் வந்தால் பேட்டரியை விட்டுவிட்டுக் காற்றாடியைப் பாருங்கள்.

## அறிகுறி 1: ‘Checksum’ என்று வருகிறது, தேதியும் தப்பு

இதே கோளாறு வேறு பெயர்களிலும் வரும். சில கணினிகளில் `Time-of-day not set`, சிலவற்றில் `Real-Time Clock Power Loss (502)`, இன்னும் சிலவற்றில் `0251: System CMOS checksum bad`. எல்லாம் சொல்வது ஒன்றுதான்: பயாஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்துக் கூட்டிப் போட்ட எண்ணும், இப்போது மறுபடி கூட்டிப் பார்த்த எண்ணும் ஒத்துவரவில்லை, அல்லது கடிகாரத்துக்கு நடுவில் மின்சாரம் கிடைக்காமல் போயிருக்கிறது. அதனால் உங்கள் அமைப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொழிற்சாலையில் வைத்த அமைப்புகளை எடுத்துக்கொண்டது.

ஒரே ஒரு முறை வந்ததா? இடி மின்னலில் மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆன மறுநாள் ஒருமுறை வந்து, தேதியைச் சரிசெய்து சேமித்த பின் மறுபடி வரவே இல்லை என்றால் பேட்டரியைத் தொட வேண்டாம். பாதியில் கரண்ட் போனாலும் இப்படி ஆகும்.

ஒவ்வொரு முறை சுவர் சுவிட்சை அணைத்த பிறகும் வருகிறதா? பேட்டரிதான், கிட்டத்தட்ட நிச்சயமாக. நம் ஊரில் இது அதிகமாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் நம் பழக்கம். இங்கே சுவரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி சுவிட்ச் உண்டு, பிற்பகலானால் இடி மழை, அதனால் வேலை முடிந்ததும் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி ஷட் டவுன் ஆகியிருந்தாலும், பவர் சப்ளையிலிருந்து ஒரு சின்ன மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும், கடிகாரம் அதில் ஓடும், பேட்டரிக்கு வேலையே இல்லை. சுவிட்சை அணைத்த நொடியிலிருந்து முழுப் பாரமும் பேட்டரி மேல்தான்.

கணக்கும் எளிது. CR2032-இல் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். கடிகாரம் 5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது சுவிட்சை அணைத்தே வைத்திருந்தால் ஐந்து வருடம். இதனால்தான் எப்போதும் பிளக்கில் இருக்கும் கணினிக்குப் பத்து வருடமானாலும் ஒன்றும் ஆவதில்லை, ஸ்டோரில் கிடந்த கணினியோ எடுத்து மாட்டிய அன்றே மக்கர் செய்கிறது. அதற்காகப் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மின்னல் நேரத்தில் சுவிட்சைப் போட்டே வைக்காதீர்கள். பேட்டரி சில ரிங்கிட், மதர்போர்டு சில நூறு ரிங்கிட்.

அளந்து பார்க்க: மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சுவிட்ச் அணைந்திருக்கும்போது சிவப்புக் கம்பியைப் பேட்டரியின் மேல் முகத்திலும் கறுப்பைக் கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். புதுப் பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடலாம், 2.5 என்றால் யோசிக்கவே வேண்டாம். கழற்றி வெளியே வைத்து அளந்தால் ஓய்ந்துபோன பேட்டரியும் சில நேரம் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும், அதனால் அது இருக்கும் இடத்திலேயே அளப்பது நல்லது. மீட்டர் இல்லையா, அளக்காமலேயே மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

### பேட்டரி மாற்றும் முறை

ஷட் டவுன், சுவர் சுவிட்ச் அணைப்பு, பிளக்கைப் பிடுங்குவது, அப்புறம் பவர் பட்டனை ஒரு பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுவது. கேஸின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பேட்டரி பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும், அதை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே விட்டு நெம்பாதீர்கள், பெட்டி பெயர்ந்து வந்துவிட்டால் சில ரிங்கிட் வேலை சால்டரிங் வேலையாகிவிடும். எழுத்தும் + குறியும் உள்ள முகம் மேலே வர வேண்டும். பேட்டரி நிமிர்ந்து நிற்கும் மாதிரி போர்டு என்றால் பழையதை எடுக்கும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். CR2025-உம் அதே அகலம்தான், வோல்ட்டேஜும் அதேதான், ஆனால் தடிமன் 3.2 மில்லிமீட்டருக்குப் பதில் 2.5 என்பதால் பெட்டிக்குள் லேசாக ஆடும், இன்று வேலை செய்யும், ஒரு மாதம் கழித்து மறுபடி ‘Checksum’ வரும். LIR2032 ரீசார்ஜ் ரகம், வோல்ட்டேஜ் அதிகம், அதைப் போடவே கூடாது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கழற்றிய பேட்டரியை மேசையில் விடாதீர்கள். தீர்ந்த பேட்டரியும் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

## அறிகுறி 2: ‘CPU Fan Error’, ஆனால் காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது, தேதி தப்பு

அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு மளிகைக் கடையின் பில்லிங் கணினி. கடைக்காரர், “தம்பி, ரெண்டு காத்தாடி மாத்தியாச்சு, இன்னும் அதே பாட்டுதான் பாடுது” என்றார். பக்கத்து மூடியைத் திறந்து ஆன் செய்தால் காற்றாடி சத்தமில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது, அப்படியும் திரையில் ‘CPU Fan Error’. F1 தட்டி உள்ளே போனால் தேதி 2016 ஜனவரி 1. அந்தக் கணினியில் இணைய இணைப்பு இல்லாததால் விண்டோஸும் திருத்தவில்லை, பில்லில் விழும் தேதியைக் கடைப் பையன் பேனாவால் அடித்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். காற்றாடிப் பிழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காற்றாடியின் ஒயரைத் தொடர்ந்து போனால் அது CPU_FAN என்று அச்சிட்ட இடத்தில் இல்லை, கேஸ் காற்றாடிக்கான CHA_FAN1-இல் செருகியிருந்தது. CPU_FAN-இல் ஒரு பின் ஒடிந்திருந்தது. முன்பு யாரோ ரிப்பேர் செய்தவர் காற்றாடியை வேறிடத்தில் மாட்டிவிட்டு, பயாஸில் CPU Fan Speed என்பதை `Ignore` என்று வைத்துக் கொடுத்திருக்கிறார். தப்பில்லை, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரி தீர்ந்ததும் அந்த `Ignore` அழிந்து, பழைய அமைப்பான `Monitor` திரும்பி வந்தது. போர்டு CPU_FAN-ஐப் பார்க்கிறது, அங்கே ஒன்றும் சுற்றவில்லை, கத்துகிறது. கடைகளில் மாற்றிய இரண்டு காற்றாடிகளும் அதே CHA_FAN1-இல்தான் மாட்டப்பட்டிருக்கின்றன, பிழை எப்படிப் போகும்?

பேட்டரியை அளந்தால் 2.4 வோல்ட். புதியது போட்டு, தேதியைச் சரிசெய்து, CPU Fan Speed-ஐ மறுபடி `Ignore` ஆக்கி, அதற்குப் பதிலாக Chassis Fan 1-ஐக் கண்காணிப்பில் வைத்து, F10 தட்டிச் சேமித்தேன். அந்தக் கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் நாளைக்குக் காற்றாடி நிஜமாகவே நின்றாலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் குளிர்விப்பான் வைத்த கேமிங் கணினிகளிலும் இதே கதைதான், பம்ப் ஒயர் வேறு இடத்தில் இருக்கும். மெதுவாகச் சுற்றும் பெரிய காற்றாடி மாட்டியவர்களுக்கும் வரும்: எச்சரிக்கை எல்லையை முன்பு குறைத்து வைத்திருப்பார்கள், பேட்டரி போனதும் அது நிமிடத்துக்கு 600 சுற்று மாதிரி பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும், காற்றாடி 500-இல் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 3: ‘CPU Fan Error’, காற்றாடி சுற்றுகிறது, தேதி சரி

இங்கே பேட்டரிக்கு வேலையில்லை. பயாஸில் Hardware Monitor அல்லது Monitor பக்கத்தைத் திறந்து CPU Fan Speed எதிரே என்ன எண் என்று பாருங்கள்.

`N/A` அல்லது 0 என்றால், சுற்றுவது போர்டுக்குத் தெரியவில்லை. காற்றாடியின் மூன்றாவது ஒயர்தான் எத்தனை சுற்று என்று சொல்லி அனுப்புவது, அது தளர்ந்தாலோ அறுந்தாலோ காற்றாடி சுற்றிக்கொண்டே பிழை காட்டும். அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிச் சரியான இடத்தில் அழுத்தி மாட்டிப் பாருங்கள். தூசி துடைக்கும்போது ஒயரை இழுத்துவிட்டிருப்பார்கள், பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும். முடியவில்லை என்றால் வேறொரு காற்றாடியை அதே இடத்தில் மாட்டுங்கள். அது எண் காட்டினால் பழைய காற்றாடி, அதுவும் காட்டாவிட்டால் போர்டு.

எண் வருகிறது, ஆனால் ஆன் செய்த முதல் சில நொடி குறைவாக இருந்து பிறகு ஏறுகிறது என்றால் அடுத்த அறிகுறியின் ஆரம்பம்.

## அறிகுறி 4: காற்றாடி நிற்கிறது, திணறுகிறது, சத்தம் போடுகிறது

F1 தட்டித் தொடர்ந்து வேலை செய்யாதீர்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விரலால் இறக்கையைச் சுற்றிவிடுங்கள். நல்ல காற்றாடி இரண்டு மூன்று சுற்றாவது தானே போகும். சடக்கென்று நின்றால், கரகரவென்றால், பேரிங் போய்விட்டது. எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், அதைத் தீர்வாக நினைக்க வேண்டாம்.

வெறும் தூசி என்றால் சின்ன பெயின்ட் பிரஷ் போதும். நம் வீடுகளில் கணினி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தூசி உலர்ந்து இருக்காது, சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் படலமும் சேர்ந்து கறுப்பாகப் பிசுபிசுக்கும், ஊதினால் போகாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இறக்கை இறக்கையாகத் துடைக்க வேண்டும். புளோவர் அடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், அதை வெறித்தனமாகச் சுழல விட்டால் நல்ல பேரிங்கும் கெடும்.

முடிந்ததும் பயாஸிலேயே பத்து நிமிடம் விட்டு CPU வெப்பத்தைப் பாருங்கள். ஏசி இல்லாத அறையில் 50 டிகிரியை ஒட்டி நின்றால் பயப்பட வேண்டாம். நிற்காமல் ஏறி 80-ஐத் தாண்டினால் அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி 5: பேட்டரி மாற்றியாச்சு, இப்போது விண்டோஸ் வரவில்லை

பலர் இந்த இடத்தில் பதறி விண்டோஸை அழித்து மறுபடி போட்டுவிடுகிறார்கள், கூடவே படங்களும் கணக்குகளும் போய்விடும். போட வேண்டாம். ஹார்ட் டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பயாஸ் அதை வேறு மாதிரி பார்க்கிறது, அவ்வளவுதான்.

நீலத் திரையில் `INACCESSIBLE_BOOT_DEVICE` வந்தால் பயாஸில் SATA Mode என்பதைத் தேடுங்கள். AHCI என்று இருந்தால் RAID ஆக்கியும், RAID என்று இருந்தால் AHCI ஆக்கியும் ஒருமுறை முயன்று பாருங்கள். `Reboot and Select proper Boot device` என்றால் Boot பக்கத்தில் உங்கள் டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கணினி என்றால் CSM அல்லது Legacy அணைந்து போயிருக்கும், அதை Enabled ஆக்குங்கள்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் BitLocker-இன் 48 இலக்க எண்ணைக் கேட்டு நீலத் திரை நின்றால், வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ `aka.ms/myrecoverykey` போய் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அலுவலகக் கணினி என்றால் ஐடி ஆளிடம் இருக்கும். இதைப் பேட்டரியைக் கழற்றும் முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பயாஸின் முக்கியமான பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால் இந்த அறிகுறியில் பாதி வராமலே போகும்.

உள்ளே வந்தும் வங்கித் தளமோ வருமான வரித் தளமோ திறக்காமல் `NET::ERR_CERT_DATE_INVALID` என்றால் தேதி இன்னும் தப்பு. இணையத்தைக் குறை சொல்ல வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் விண்டோவைத் திறந்து:

```
net start w32time
w32tm /resync
```

முதல் வரி ஏற்கெனவே ஓடுகிறது என்று சொன்னால் கவலையில்லை, இரண்டாவதைத் தட்டுங்கள். தேதி பல வருடம் தள்ளியிருந்தால் இது சரிசெய்யாமல் போகலாம், அப்போது கையாலேயே தேதியைப் போட்டுவிட்டு மறுபடி தட்டுங்கள்.

## அறிகுறி 6: புதுப் பேட்டரியும் நிற்கவில்லை

மாற்றிய மறுநாளே ‘Checksum’ வந்தால் இரண்டு விஷயம். பெட்டியின் அடியில் இருக்கும் உலோகத் தகடு அமுங்கிப்போய்ப் பேட்டரியைத் தொடாமல் இருக்கலாம், கடல் காற்று படும் பினாங்கு வீடுகளில் அதில் பச்சை படிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆல்கஹாலால் துடைத்து, தகட்டை லேசாக மேலே தூக்கிவிடுங்கள். இரண்டாவது, CLRTC அல்லது CLR_CMOS என்று எழுதிய பின்களில் உள்ள சின்னத் தொப்பி அழிக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்பது. மூன்று பின் இருந்தால் பெரும்பாலும் 1-2 சாதாரணம், 2-3 அழிப்பு, ஆனாலும் உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். யாராவது ரீசெட் செய்துவிட்டுத் திருப்பி வைக்க மறந்தால், எத்தனை பேட்டரி போட்டாலும் நிற்காது.

ஒரு சில வாரம் நன்றாக ஓடி, அளந்தால் மறுபடி 2.5 வோல்ட் என்றால் போர்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது. இனி பேட்டரிக் கடை வேலை இல்லை.

## லாப்டாப் என்றால்

மூடியைத் திறந்ததும் முதலில் பெரிய பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள், அப்புறம்தான் மற்றது. சில லாப்டாப்களில் CR2032 பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு ஒயரோடு இருக்கும், அதே பிளக் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஒயரைப் பேட்டரி மேல் நேராக சால்டர் செய்யப் பார்க்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். புது லாப்டாப்கள் பலவற்றில் சின்னப் பேட்டரியே கிடையாது, பெரிய பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டும், அது முழுதாக வடிந்து பல வாரம் கிடந்தால் தேதி போகும். சார்ஜ் ஏற்றித் தேதியை வைத்தால் சரி. `Fan Error` அல்லது `System Fan (90B)` என்று காட்டி லாப்டாப் தானாக அணைந்தால் அது நிஜக் காற்றாடிப் பிரச்சினையாகத்தான் இருக்கும், தூசியைப் பார்த்தும் போகவில்லை என்றால் மாடல் எண்ணோடு காற்றாடி வாங்கி மாற்ற வேண்டும்.

## எப்போது கடைக்குக் கொண்டு போவது

புதுப் பேட்டரி சில வாரத்தில் வடிந்தால், பேட்டரிப் பெட்டி பெயர்ந்துவிட்டால், நல்ல காற்றாடி மாட்டியும் CPU_FAN எண் காட்டாவிட்டால், மின்னல் அடித்த அன்றிலிருந்து பிழை விடாமல் வந்தால், லாப்டாப்பைத் திறக்கக் கை நடுங்கினால். லோ யாட் பிளாசா மாதிரி இடத்துக்குக் கொண்டு போகிறீர்கள் என்றால் ‘ஆன் ஆகலே’ என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். திரையில் வந்த வரியின் படம், இரவு சுவிட்சை அணைத்த பின் பயாஸில் இருந்த தேதி, பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது, காற்றாடி எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது, இந்த நான்கையும் சொல்லுங்கள். பழைய போர்டில் கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க ஆகும் கூலி சில நேரம் அந்தப் போர்டின் விலையைத் தாண்டிவிடும், அதனால் திறந்து பார்க்கும் முன்பே எவ்வளவு வரை செலவு செய்யத் தயார் என்று எண் சொல்லிவிட்டு வாருங்கள். வெறும் பில் போடும் கணினி, தேதி மட்டும்தான் போகிறது என்றால் சுவிட்சை அணைக்காமல், ஒரு சர்ஜ் புரொடெக்டர் மாட்டி, அப்படியே ஓட்டலாம். இடி பலமாக இருக்கும் நாளில் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் காலையில் தேதியைக் கையால் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.